மை லார்டும் ஆமாங்க சாமியும்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு நீதிபதி "என்னை மை லார்ட் என்று கூப்பிடாதீர்கள்" என்று சொல்வார். உடனே செய்தி வரும். காலனிய எச்சம் ஒழிந்தது என்று ஒரு கட்டுரை வரும். நாமும் பகிர்வோம். மறுநாள் காலை பத்தரைக்கு உயர் நீதிமன்றத்தின் எல்லா ஹால்களிலும் "மை லார்ட், மை லார்ட்" என்று வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சண்டையே எனக்கு அலுத்துவிட்டது. மை லார்ட் நல்ல சொல் என்பதால் அல்ல, அது அசிங்கமான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லால் பெரிதாகப் பாதிக்கப்படுகிறவர் யார்? அதைச் சொல்கிற வக்கீலுக்கு ஃபீஸ் வருகிறது, கேட்கிற நீதிபதிக்குச் சம்பளம் வருகிறது. நீதிபதியை எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்வி உண்மையாகவே ஒரு மனிதரின் கதையை மாற்றிவிடுகிற இடம் வேறு. அது தாலுகா ஊரில், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில், சாட்சிக் கூண்டில் இருக்கிறது. அங்கே யாரும் மை லார்ட் சொல்வதில்லை. "ஆமாங்க சாமி" என்கிறார்கள். அது என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் முதலில் மை லார்டைக் கொஞ்சம் பேசி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அது வந்து வந்து குறுக்கே நிற்கும்.

இந்திய பார் கவுன்சில் 2006-இலேயே இதற்கு விதி போட்டுவிட்டது. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் 'யுவர் ஆனர்' அல்லது 'ஆனரபிள் கோர்ட்'. கீழ் நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் 'சார்', அல்லது அந்தந்த வட்டார மொழியில் அதற்கு இணையான சொல். மை லார்ட், யுவர் லார்ட்ஷிப் ஆகியவை காலனிய மிச்சங்கள் என்று அந்த விதியின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, அந்த விதிப்படி பார்த்தால் இந்தப் பிரச்சினை அப்போதே முடிந்துவிட்டது.

ஏன் முடியவில்லை? 2014 ஜனவரியில் இதைத் தடை செய்யக் கேட்டு வந்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் எச்.எல். தத்து, எஸ்.ஏ. பாப்டே அமர்வு, அப்படி அழைப்பது கட்டாயமில்லை, எங்களுக்கு வேண்டியது மரியாதையான விளிப்பு மட்டுமே என்ற மாதிரி சொல்லி மனுவைத் தள்ளியது. சரி, கட்டாயமில்லை. ஏழு வருடம் கழித்து, 2021-இல், அதே பாப்டே தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். நேரில் வாதாட வந்த ஒரு சட்ட மாணவர் 'யுவர் ஆனர்' என்று தொடங்குகிறார். பார் கவுன்சில் விதியில் இருக்கிற அதே சொல். நீங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையோ மாஜிஸ்ட்ரேட்டையோ மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், நாங்கள் இரண்டும் இல்லை என்று அவருக்குப் பதில் கிடைத்தது. மை லார்ட் கட்டாயமில்லை, ஆனால் விதியில் இருக்கிற மாற்றைச் சொன்னால் மாட்டிக்கொள்வாய்.

இதனால்தான் "வக்கீல்களுக்கே முதுகெலும்பு இல்லை" என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். நான் ஜாமீன் மனுவோடு நிற்கிறேன். என் கட்சிக்காரர் உள்ளே இருக்கிறார். என் கொள்கையை நிரூபிக்க முதல் வாக்கியத்திலேயே 'சார்' என்று சொல்லி, பெஞ்சில் இருப்பவரின் புருவம் லேசாக ஏறினால், அந்தப் புருவத்தின் விலையைக் கொடுக்கப்போவது நான் இல்லை. அடுத்தவர் விடுதலையைப் பணயம் வைத்து வீரம் காட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. இதை ஒழிக்க வேண்டியவர்கள் மேலே உட்கார்ந்திருப்பவர்கள். 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு தன் கோர்ட்டில் அப்படி அழைக்க வேண்டாம் என்று சொன்னார், அவர் ஹாலில் அது நின்றது. அவ்வளவு சுலபம். 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.எஸ். நரசிம்மா, திரும்பத் திரும்ப மை லார்ட்ஸ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மூத்த வழக்கறிஞரிடம், நிறுத்தினால் என் சம்பளத்தில் பாதி தருகிறேன் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாய் ஏன் நிற்கவில்லை என்பது வேடிக்கை இல்லை. முப்பது வருடம் ஒருவரை ஒரு சொல்லுக்குப் பழக்கிவிட்டு, நாலு வினாடிகளுக்கு ஒருமுறை மூச்சு விடுவதுபோல அது வருகிறதே என்று ஆச்சரியப்பட்டால் எப்படி?

(இந்தச் சொல்லை நமக்குக் கொடுத்த இங்கிலாந்து என்ன செய்தது தெரியுமா? அங்கே மாவட்ட நீதிபதிகளையும் தீர்ப்பாய நீதிபதிகளையும் 'சார்', 'மேடம்' என்று அழைத்துவந்தார்கள். 2022 டிசம்பர் முதல் அதை எடுத்துவிட்டு வெறும் 'ஜட்ஜ்' என்று ஆக்கிவிட்டார்கள். ஆணா பெண்ணா என்று யோசிக்க வேண்டியதில்லை. அதே 2022 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரேகா பல்லி தன்னை விடாமல் 'சார்' என்று அழைத்த வக்கீலிடம், நான் சார் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பழக்கம் அது என்று வக்கீல் சமாதானம் சொன்னார். அது இன்னும் மோசம் என்றார் அவர். அங்கேயும் உயர் நீதிமன்றத்தில் மை லார்ட் இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, கீழே இறங்குவோம்.

சினிமாவில் வக்கீல் எழுந்து "கனம் நீதிபதி அவர்களே" என்று தொடங்குவார். நான் பதினோரு வருடமாக ஒரு தாலுகா ஊரில் வக்கீலாக இருக்கிறேன், ஒருவர் வாயிலும் அதைக் கேட்டதில்லை. மனுவில் எழுதுவோம்: 'கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்தில் மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது'. அது எழுத்து. வாயால் சொல்வது "ஐயா, எதிரிக்காக ஆஜராகிறேன்" என்பதுதான். பெண் நீதிபதி என்றால் 'அம்மா' அல்லது 'மேடம்'. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் 'யுவர் ஆனர்' கலந்துவிடும். வேண்டியது கிடைத்தால் "ஒபிலைஜ்ட்". நீங்கள் சொல்வது தப்பு என்று நீதிபதியிடம் சொல்லவேண்டுமானால் "வித் கிரேட் ரெஸ்பெக்ட்". மரியாதை கூடக்கூட மறுப்பும் கூடுகிறது என்று அர்த்தம், இது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

கவனியுங்கள், வக்கீலுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டு மொழி. எந்தச் சொல் எங்கே வெறும் மரியாதை, எங்கே பொருள் என்று அவருக்குத் தெரியும். "யெஸ், மை லார்ட்" என்று அவர் சொன்னால் "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்று அர்த்தம். அதை ஒப்புதல் என்று எந்த நீதிபதியும் எழுதிவிடமாட்டார்.

சாட்சிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிபதியை எப்படி அழைப்பது என்று வக்கீலுக்கு விதி இருக்கிறது. சாட்சிக்கு எந்த விதியும் இல்லை. எப்படியும் அழைக்கலாம், அழைக்காமலும் இருக்கலாம். ஆனால் இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. அதனால் அவர் தன் வாழ்க்கையில் தனக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன சொல்லிப் பழகினாரோ அதையே எடுத்துக்கொண்டு வருகிறார். சாமி, எசமான், ஐயா, துரை. அந்தச் சொற்கள் தனியாக வருவதில்லை, ஒரு உடம்பையும் ஒரு பதில் சொல்லும் முறையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகின்றன.

என் கேஸ் கூப்பிடக் காத்திருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். வரப்புத் தகராறு. ஒருவர் தடியால் அடித்ததில் இன்னொருவருக்குத் தலையில் காயம். பக்கத்து வீட்டு அம்மா நேரில் பார்த்த சாட்சி, அ.சா.2. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டவாலி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறினார். கூண்டுக்குச் செருப்பு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் உறுதிமொழி. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாட்சி சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நான் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. அதைக் கடவுள் பெயரால் சொல்லலாம், கடவுள் இல்லாமல் மனமார உறுதி கூறியும் சொல்லலாம். எது வேண்டும் என்பது சாட்சியின் விருப்பம். புத்தகத்தின்மேல் கை வைப்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் வாசகத்தில் கிடையாது. அன்று நடந்தது என்ன? பெஞ்ச் கிளார்க் தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்த அம்மா, "சரிங்க சாமி" என்றார். பிரமாணம் முடிந்தது. சட்டப்படி இதனால் சாட்சியம் செல்லாமல் போகாது, உறுதிமொழியில் குறை இருந்தாலும் சாட்சியம் நிற்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அவர் அந்த இடத்தில் சொன்ன முதல் சொல், தான் சரியாகக் கேட்டிராத ஒன்றுக்கு 'சரி' என்பது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

முதல் விசாரணையில் நன்றாகவே சொன்னார். திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், கத்துகிற சத்தம் கேட்டது, எழுந்து நாலு எட்டு நடந்தேன், அடிப்பதைப் பார்த்தேன், பிறகு கூட்டம் கூடிவிட்டது. பிறகு குறுக்கு விசாரணை.

"நீங்க வீட்ல தானம்மா இருந்தீங்க?"

"ஆமாங்க சாமி." திண்ணை வீடுதானே.

"சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தீங்க?"

"ஆமாங்க சாமி."

"நீங்க போறப்ப கூட்டம் கூடிருச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சு. அடிபட்டவர் சொல்லித்தான் உங்களுக்கு விஷயமே தெரியும்னு சொல்றேன்."

"ஆமாங்க சாமி, கூட்டம் கூடிருச்சுங்க, ஆனா அதுக்கு முன்னால…"

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா. ஐயா எழுதணும்ல."

அந்த அம்மா நீதிபதியைப் பார்த்தார். 'ஐயா எழுதணும்' என்றதும் முகம் மாறியது. தன்னால் பெரியவருக்குத் தாமதம்.

"ஆமாங்க."

நீதிபதி தட்டச்சருக்குச் சொல்லச் சொல்ல, ஏட்டில் இறங்கியது இது: 'நான் சம்பவ இடத்துக்குச் சென்றபோது சம்பவம் முடிந்துவிட்டது என்றால் சரிதான். காயமடைந்தவர் சொல்லித்தான் எனக்குச் சம்பவம் பற்றித் தெரியும் என்றால் சரிதான்.'

கோர்ட் பக்கம் போகாதவர்களுக்கு இந்த 'என்றால் சரிதான்' புதிதாக இருக்கும். குறுக்கு விசாரணைப் பதிவு முழுவதும் இதன்மேல்தான் ஓடுகிறது. கேள்வி வக்கீலுடையது, வாக்கியம் வக்கீலுடையது, சாட்சியுடையது கடைசி ஒரு சொல் மட்டும். மறுத்தால் 'என்று சொன்னால் சரியல்ல'. ஒப்புக்கொண்டால் 'என்றால் சரிதான்'. இரண்டையும் தவிர மூன்றாவது பெட்டி இல்லை. 'ஆமாங்க சாமி, ஆனா' என்பதற்கு அங்கே இடமே கிடையாது.

தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும், பெரியவர் பேசும்போது வரும் 'ஆமாங்க' பாதி நேரம் ஒப்புதல் இல்லை. 'கேட்டுக்கிட்டு இருக்கேன்', 'சொல்லுங்க', 'எதிர்த்துப் பேசலைங்க' எல்லாம் அதற்குள் இருக்கிறது. மறுக்கிறவர்கள்கூட முதலில் ஒரு ஆமாங்க போட்டுவிட்டுத்தான் மறுப்பார்கள். "ஆமாங்க, நீங்க சொல்றது சரிதாங்க, ஆனா அன்னைக்கு அப்படி நடக்கலீங்க." இது மரியாதையின் இலக்கணம். அந்த இலக்கணத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்கிறார், நன்றாகத் தெரிந்த இன்னொருவர் எழுத வைக்கிறார். ஏட்டில் ஏறும்போது மட்டும் இருவருக்கும் அது மறந்துபோகிறது. மேல்முறையீட்டில் படிக்கிறவருக்கு அந்த அம்மாவின் குரல் கேட்காது. சரிதான், சரிதான், சரிதான் என்று ஒரு பொய்சாட்சிதான் தெரிவார்.

எதிரி விடுதலை. அ.சா.2 சம்பவத்தை நேரில் பார்க்கவில்லை என்பது அவருடைய குறுக்கு விசாரணையிலிருந்தே தெரிகிறது, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. அந்த எதிரி உண்மையில் அடித்தாரா என்பது எனக்குத் தெரியாது, என் வாதமும் அது இல்லை. எதிரித் தரப்பு வக்கீல் தன் வேலையைத்தான் செய்தார், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பேன். மறுவிசாரணையில் இரண்டு கேள்வி போட்டு அரசு வழக்கறிஞர் இதைத் தெளிவாக்கியிருக்கலாம். போடவில்லை.

இது எதிரிகளுக்குச் சாதகமான கோளாறு என்று நினைக்காதீர்கள். கூண்டு மாறினால் கத்தியும் திரும்பும். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும் இடத்தில் ஒரு கூலித்தொழிலாளி நிற்கிறார், வக்கீல் வைக்க வசதியில்லை. அவரும் முதலில் "ஆமாங்க சாமி" என்றுதான் தொடங்குவார். சின்ன வழக்குகளில் ஒப்புதலைக் கூடுமானவரை எதிரியின் சொந்த வார்த்தைகளிலேயே பதிய வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்வது சும்மா இல்லை. சொந்த வார்த்தையில் பதிந்தால் அந்த ஆமாங்க எந்த ஆமாங்க என்று பின்னால் படிக்கிறவருக்கு ஓரளவாவது தெரியும்.

சாட்சிக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் சாட்சியத்தைப் பொதுவாகக் கதைபோலத் தொடர்ச்சியாக எழுத வேண்டும், ஆனால் அவர் நினைத்தால் எந்தப் பகுதியையும் கேள்வி பதிலாகவே எழுதலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 275-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 310. அடுத்தது இன்னும் முக்கியம். எழுதி முடித்ததைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் திருத்த வேண்டும். சாட்சி தப்பு என்று சொல்லி, நீதிபதி திருத்த விரும்பாவிட்டால், அந்த ஆட்சேபத்தையாவது குறித்து வைக்கலாம். பழைய சட்டத்தில் 278, புதியதில் 313. அன்று அந்த அம்மாவிடம் தாளை நீட்டினார்கள். எங்கே கையெழுத்து என்று கேட்டார். விரலால் காட்டினார்கள். 'படித்துக் காட்டப்பட்டது, சரி' என்ற வரிக்குக் கீழே அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். யாரும் எதையும் படிக்கவில்லை.

தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களின் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க 1976-இலேயே ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திவிட்டோம். அதனால் அந்தப் பதிவு தமிழில்தான் இருந்தது. அவர் பேசியதும் தமிழ், எழுதியதும் தமிழ். நடுவில் தொலைந்தது ஒரு 'ஆனா'.

ஒரு மூத்த வக்கீலிடம் இதைச் சொன்னபோது, "சாமின்னு சொல்றது நம்ம பண்பாடு தம்பி, அதையும் பிடுங்கணுமா?" என்றார். பிடுங்க வேண்டாம். யாருடைய மரியாதையையும் நான் பிடுங்க வரவில்லை. மரியாதையைச் சாட்சியமாக எழுதாதீர்கள் என்கிறேன். இன்னொருவர், நேரம் எங்கே இருக்கிறது என்றார். நேரம் உண்மையிலேயே இல்லை, ஒரு கோர்ட்டின் அன்றாடப் பட்டியலைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் நான் கேட்பது அரை நிமிடம். சாட்சி கூண்டில் ஏறியதும் நீதிபதி தன் வாயால் இதைச் சொன்னால் போதும்: "அம்மா, என்னை ஐயான்னு கூப்பிட்டாப் போதும், கூப்பிடாட்டியும் பரவாயில்ல. கேள்வி புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. தப்புன்னா இல்லன்னு சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." மை லார்ட் வேண்டாம் என்று அறிவிக்கிற நீதிபதியைவிட, இதைச் சொல்கிற ஒரு மாஜிஸ்ட்ரேட்தான் எனக்குப் பெரிய ஆள். அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் கோர்ட்டில் சாட்சிகள் 'இல்லீங்க' என்று சத்தமாகச் சொல்வார்கள். அவரைப் பற்றி எந்தச் செய்தியும் வந்ததில்லை.

அது எல்லாக் கோர்ட்டிலும் வரும்வரை, உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ சாட்சி சம்மன் வந்தால், என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது தவறு, தேவையும் இல்லை. எப்படிப் பதில் சொல்வது என்பதை மட்டும் பழக்குங்கள். கேள்வி முழுதாக முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. ஒரு கேள்விக்குள் மூன்று சங்கதி இருந்தால், "தனித்தனியா கேளுங்க ஐயா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். ஒத்துக்கொள்ளாததற்கு முதல் சொல்லாக 'இல்லீங்க' வரவேண்டும், விளக்கம் அதற்குப் பிறகு. கடைசியில் தாளை நீட்டும்போது, "படிச்சுக் காட்டுங்க ஐயா, கேட்டுட்டுப் போடுறேன்" என்று சொல்ல வேண்டும். என் கட்சிக்காரர்களிடம் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நாலு தடவை சொல்ல வைத்துப் பார்ப்பேன். மூன்றாவது தடவைவரை 'சாமி' போட்டுத்தான் சொல்வார்கள். போட்டுக்கொள்ளட்டும். படித்துக் காட்டச் சொல்லிவிட்டால் போதும்.